19,000 சொல் இயல், 8,000 சொல் கட்டுரை

என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் நான்காம் இயல், மதுரை மாவட்டக் கண்மாய்களில் மடை திறந்து வயல் வயலாகத் தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டிகளைப் பற்றியது. பட்டம் வாங்கிய பிறகு, இதை ஒரு ஆங்கில ஆய்விதழுக்கு அனுப்பலாம் என்று நெறியாளர் சொன்னார். இயலின் நீளம் துணைநூற்பட்டியலோடு சேர்த்து சுமார் 19,000 சொற்கள். இதழின் வரம்பு 8,000. அட்டவணை, அடிக்குறிப்பு, துணைநூற்பட்டியல் எல்லாம் அந்த வரம்புக்குள்ளேயே அடங்கும் என்று ஆசிரியர்களுக்கான விதிமுறையில் எழுதியிருந்தது. இது இதழுக்கு இதழ் மாறும். சிலர் துணைநூற்பட்டியலைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால் வெட்ட உட்காரும் முன் இந்த ஒரு வரியைத் தேடிப் படித்துவிட வேண்டும்.

முதலில் துணைநூற்பட்டியலை எண்ணினேன். இயலில் மட்டும் 140 நூல்களும் கட்டுரைகளும் இருந்தன. ஒரு பதிவுக்கு ஏறக்குறைய 25 சொல் என்றால் அதுவே 3,500 சொல், இதழ் தரும் இடத்தில் பாதிக்குச் சற்றே குறைவு. இதைப் பார்த்ததும் ஒன்று தெளிவானது. வாக்கியங்களை இறுக்கி, அடைமொழிகளை நீக்கி இந்த வேலை முடியாது. அப்படிச் செய்தால் பத்தில் ஒரு பங்கு குறையும். இங்கே குறைய வேண்டியது பாதிக்கு மேல். எதைச் சுருக்குவது என்று யோசிப்பதை விட்டு, எந்தக் கேள்வியை மட்டும் வைத்துக்கொள்வது என்று யோசிக்க வேண்டியிருந்தது.

இயலில் மூன்று கேள்விகள் இருந்தன. ஊரார் கூடிக் கண்மாயைப் பராமரிக்கும் குடிமராமத்து பிரிட்டிஷ் காலத்தில் எப்படி மாறியது என்பது ஒன்று. நீர்க்கட்டி வேலை எந்தச் சாதிக்கு, எந்த உரிமையோடு வந்தது என்பது இன்னொன்று. ஆழ்துளைக் கிணறு வந்த பிறகு நீர்க்கட்டிக்குக் களத்தில் நெல் கொடுக்கும் வழக்கம் என்ன ஆனது என்பது மூன்றாவது. நெறியாளரிடம் கேட்டபோது, “உங்க கையில மட்டும் இருக்கிற தரவு எதும்மா?” என்று திருப்பிக் கேட்டார். மூன்றாவதுதான். முதல் கேள்விக்கான ஆவணங்களை யார் வேண்டுமானாலும் ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம். களத்தில் உட்கார்ந்து கேட்ட பேட்டிகள் என்னிடம்தான் இருக்கின்றன. 1858ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டத்தைப் பற்றி நான் ஆசையாக எழுதிய பக்கங்கள் உட்பட, முதல் கேள்வி முழுவதும் தனிக் கோப்புக்குப் போனது. கட்டுரையில் அதற்கு இரண்டே வாக்கியம். இரண்டாவது கேள்வியில், நெல் கூலியைப் புரிந்துகொள்ளத் தேவையான ஒரு பத்தி மட்டும் நின்றது.

அப்புறம் வரிசை. ஆய்வேட்டு இயல் காலவரிசையில் நகரும்: வரலாறு, ஊர், சாதி, கூலி, இன்றைய நிலை. படிப்பவர் நான்காவது பகுதிக்கு வந்த பிறகுதான் முக்கியமான செய்தி தெரியும். இந்த இதழோ முன்னுரை, முன்னாய்வுகள், களமும் முறையும், முடிவுகள், விவாதம், நிறைவுரை என்ற வரிசையைக் கேட்டது. தலைப்புகளை மாற்றுவது எளிது. முடிவுகளையும் விவாதத்தையும் பிரிப்பதுதான் கடினம், ஏனென்றால் இயலில் ஒரே பத்திக்குள் இரண்டும் பின்னிக்கிடக்கும். உதாரணமாக இப்படி ஒரு வாக்கியம்: “சொந்த ஆழ்துளைக் கிணறு உள்ளவர்கள் நெல் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள், இது ஊர்ப் பொதுவின் மீதான பிடிப்பு தளர்வதையே காட்டுகிறது.” முதல் பாதி நான் பார்த்தது. இரண்டாம் பாதி நான் சொல்லும் விளக்கம். அச்சிட்டு எடுத்துக்கொண்டு பார்த்ததற்கு மஞ்சள், விளக்கத்துக்குப் பச்சை என்று வரி வரியாகக் கோடு போட்டேன். மஞ்சள் முடிவுகளுக்கும் பச்சை விவாதத்துக்கும் போயின. பிரித்த பிறகுதான் ஒரே விளக்கம் நான்கைந்து இடத்தில் திரும்பத் திரும்ப வந்திருப்பது தெரிந்தது. விவாதத்தில் அதை ஒருமுறை சொன்னால் போதுமே. சொற்கள் அதிகம் குறைந்த இடங்களில் இதுவும் ஒன்று.

இனி முன்னாய்வுகள், அதாவது லிட்ரேச்சர் ரிவ்யூ. ஆய்வேட்டில் அது தேர்வாளருக்காக எழுதப்படுகிறது: நான் எல்லாவற்றையும் படித்திருக்கிறேன் என்று காட்டியாக வேண்டும். இதழைப் படிப்பவருக்கு அது தேவையில்லை. என் கேள்வி எந்த இடைவெளியில் நிற்கிறது என்று தெரிந்தால் போதும். இயலில் ஒவ்வொரு அறிஞருக்கும் ஒரு பத்தி இருந்தது. எலினார் ஆஸ்ட்ரம் 1990இல் பொது வளங்களை மக்களே நிர்வகிக்கும் அமைப்புகளுக்கு எட்டு விதிகளைச் சொன்னார் என்று ஒரு பத்தி. ராபர்ட் வேட் 1988இல் ஆந்திரக் கால்வாய்க் கிராமங்களில் ஊரே பொது நீர்பாய்ச்சிகளை அமர்த்தியதை விளக்கினார் என்று ஒரு பத்தி. டேவிட் மோஸ் 2003இல் தமிழகக் கண்மாய் நிர்வாகத்தைச் சாதியோடும் அதிகாரத்தோடும் இணைத்துப் பார்த்தார் என்று இன்னொன்று. இப்படியே பக்கம் பக்கமாகப் போகும்.

கட்டுரையில் ஆள் வாரியாக எழுதுவதை விட்டு, வாதம் வாரியாக எழுதினேன். மேலே உள்ள மூவரும் கிட்டத்தட்ட இப்படி ஒரே பத்தியில் அடங்கினார்கள்: “ஊர் கூடி நீரைப் பகிர்வது எப்போது நிலைக்கும் என்ற கேள்விக்கு ஒரு தரப்பு விதிகளிலும் பற்றாக்குறையிலும் விடை தேடியது (வேட் 1988, ஆஸ்ட்ரம் 1990). மற்றொரு தரப்பு சாதியிலும் அதிகாரத்திலும் தேடியது (மோஸ் 2003). நீர் பாய்ச்சுபவருக்குத் தரும் கூலியை ஒரு விவசாயி எப்போது நிறுத்துகிறார் என்பது இவற்றின் மையக் கேள்வி அல்ல. இக்கட்டுரை அதை எடுத்துக்கொள்கிறது.” ஒரு நூலை வைப்பதா எடுப்பதா என்பதற்கு ஒரே சோதனை வைத்திருந்தேன். அதை எடுத்துவிட்டால் என் கேள்வியோ, முறையோ, விவாதமோ ஆட்டம் காணுமா? காணாது என்றால் அது போகலாம். 140 பதிவுகள் 55 ஆயின. பட்டியலில் மட்டும் 2,000 சொல்லுக்கு மேல் மிச்சம்.

சேர்க்க வேண்டியதும் இருந்தது. இயலில் “இரண்டாம் இயலில் விளக்கியபடி” என்று ஒரு வரியில் கடந்துவிட்ட முறையியல், கட்டுரையில் முழுதாக நின்றாக வேண்டும்: எந்த ஊர்கள், ஏன் அவை, யாரிடம் பேட்டி, பேட்டிக்கு எப்படிச் சம்மதம் வாங்கினேன் என்பதெல்லாம். இதற்கு 900 சொல் ஒதுக்கினேன். கோப்பில் “இயல்” என்ற சொல்லைத் தேடிப் பார்த்தால் இப்படி வெளியே கைகாட்டும் வரிகள் எல்லாம் அகப்பட்டுவிடும். நன்றியுரையையும், “எனது முந்தைய கள ஆய்வில்” போன்ற தொடர்களையும் அப்போதே நீக்கினேன். மதிப்பாய்வாளருக்கு எழுதியவர் யாரென்று தெரியக் கூடாது அல்லவா.

இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் என் ஆய்வேடு முழுதாகக் கிடைக்கிறது. இதழ்க்காரர்கள் ஒப்புமைச் சோதனை ஓட்டினால் அதோடு பொருந்துவது நிச்சயம். அதனால் ஆசிரியருக்கு எழுதிய கவர் லெட்டரில், இக்கட்டுரை என் ஆய்வேட்டின் நான்காம் இயலிலிருந்து உருவானது, வேறெங்கும் கட்டுரையாக வெளிவரவில்லை என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டேன்.

அனுப்பும்போது 7,500 சொல்லில் நிறுத்தியிருந்தேன். 500 சொல் மதிப்பாய்வாளர்களுக்காக வைத்த இடம். அவர்கள் வெட்டச் சொல்வது அரிது. இதையும் விளக்குங்கள், அந்த நூலையும் பாருங்கள் என்றுதான் கேட்பார்கள். அப்படியே ஒருவர், கிணறு இருந்தும் நெல் கொடுப்பதைத் தொடர்பவர்கள் ஏன் தொடர்கிறார்கள் என்று கேட்டார். அதற்கான பேட்டி தனிக் கோப்பில் இருந்தது. கிணறு வற்றினால் கண்மாய் தேவைப்படும், அப்போது நீர்க்கட்டியைக் கூப்பிட முகம் வேண்டும் என்று ஒரு விவசாயி சொன்னதை முடிவுகள் பகுதியில் சேர்த்தேன். திருத்திய படி 7,900 சொல்லுக்குள் முடிந்தது.