அந்தப் பிள்ளைக்குப் புகை, இந்தப் பிள்ளைக்கு உப்புத்தண்ணி

“அந்தப் புள்ளைக்கு மருந்து ஊத்துனீக, புகை வச்சீக. எம்புள்ளைக்கு மூக்குல உப்புத்தண்ணி மட்டுந்தானா டாக்டரம்மா? நாங்க லயத்துக்காரங்கன்னா?”

கேரள மலையில், வண்டிப்பெரியாறு பக்கம் மழைக்காலத்தில் இரவு டியூட்டி பார்த்தவர்களுக்கு அந்த வார்டை நான் விவரிக்க வேண்டியதில்லை. இரண்டு கட்டில்களுக்கு நடுவில் திரைகூடக் கிடையாது. ஒரு கட்டிலில் நடப்பதெல்லாம் அடுத்த கட்டிலுக்குத் தெரியும். அன்றிரவு இரண்டு பிள்ளைகளுக்குமே இருமல், இரண்டு பேரும் சத்தமாக மூச்சு விட்டார்கள். ஒன்று டவுனில் கடை வைத்திருக்கும் மலையாளக் குடும்பத்துப் பையன், இரண்டு வயது. மற்றது லயம் என்கிற எஸ்டேட் வரிசை வீடுகளில் குடியிருந்து தேயிலைக் கொழுந்து கிள்ளுகிறவர்களின் ஐந்து மாதப் பெண் குழந்தை. என்னிடம் அப்படிக் கேட்டது அவளுடைய அப்பா. அந்தக் கேள்வியில் இருந்த சந்தேகம் அவர் அன்றைக்குக் கண்டுபிடித்ததல்ல. தலைமுறையாக இங்கே வேலை செய்கிற தமிழர்கள் எங்கே போனாலும் கூடவே கொண்டுபோகிற சந்தேகம் அது.

பையனுக்குச் சாதாரண சளிதான் இருந்திருக்கிறது. நடுராத்திரியில் தூக்கத்திலிருந்து எழுந்தவன் நாய் குரைப்பதுபோல இருமத் தொடங்கியிருக்கிறான். குரல் கம்மியிருந்தது. மூச்சை உள்ளே இழுக்கும்போது ‘கீ’ என்ற சத்தம், அதுவும் அழாமல் அப்பா மடியில் சும்மா இருக்கும்போதே. கழுத்தெலும்புக்கு மேலே இருக்கும் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்வாங்கியது. குரூப் என்பது இதுதான். குரல் நாணுக்குச் சற்றுக் கீழே மூச்சுக்குழாய் வீங்கிப் போகிறது. சின்னப் பிள்ளைக்கு அந்த இடம் ஏற்கெனவே குறுகல். அவனை நான் படுக்கச் சொல்லவில்லை, வாயைத் திறந்து தொண்டையைப் பார்க்கவும் இல்லை. அழவைத்தால் குழாய் இன்னும் நெருக்கும். பன்னிரண்டு கிலோ எடைக்கு 7.2 மில்லிகிராம் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு வாய்வழியே ஒரே ஒரு தடவை, கூடவே நெபுலைசர் முகமூடி வழியாக அட்ரினலின் புகை. அட்ரினலின் சில நிமிடங்களில் வீக்கத்தை வற்றவைக்கும். ஆனால் அதன் வேலை இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும், சத்தம் திரும்பவும் வரலாம். டெக்ஸாமெதசோன் மெதுவாக வேலை செய்யும், ஆனால் நின்று செய்யும். அதனால்தான் புகை வைத்த பிள்ளையை உடனே வீட்டுக்கு அனுப்பாமல் மூன்று நான்கு மணி நேரம் கண்ணெதிரில் வைத்துக்கொள்கிறோம்.

பக்கத்துக் கட்டிலில் இருந்த அப்பாவுக்கு இதில் தெரிந்தது ஒன்றுதான். முகமூடி வைத்தார்கள், புகை வந்தது, அரை மணி நேரத்தில் பிள்ளையின் சத்தம் அடங்கிவிட்டது.

அவர் குழந்தைக்கு வந்திருந்தது வேறு நோய். அவளுக்குச் சத்தம் மூச்சை வெளியே விடும்போது வந்தது. ஸ்டெத் வைத்தால் இரண்டு பக்கமும் வீசிங், கூடவே பொரிகிற சத்தம். நிமிடத்துக்கு 56 மூச்சு. விலா எலும்புகளுக்குக் கீழே லேசாக உள்வாங்கியது. ஆக்சிஜன் அளவு 94. சளி பிடித்து அன்று மூன்றாவது நாள். இது பிராங்கியோலைட்டிஸ். நுரையீரலின் கடைசியில் இருக்கும் மிக நுண்ணிய குழாய்கள் வைரஸால் வீங்கி, உதிர்ந்த செல்லும் சளியும் சேர்ந்து அடைத்துக்கொள்கின்றன. பெரும்பாலும் ஆர்.எஸ்.வி. என்கிற வைரஸ். பெரியவர்களின் ஆஸ்துமாவில் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, அதனால் அந்தத் தசையைத் தளர்த்தும் சால்பியூட்டமால் மருந்துக்குக் கேட்கிறது. இங்கே அடைப்பே வேறு. சால்பியூட்டமால் புகை நோயின் நாளைக் குறைக்காது, நெஞ்சைப் படபடக்க வைக்கும். குரூப்புக்கு அவ்வளவு உதவும் ஸ்டீராய்டும் இங்கே பலன் தருவதில்லை. ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது.

அப்படியென்றால் நான் செய்தது என்ன? மூக்கில் சலைன் விட்டுச் சளியை உறிஞ்சி எடுத்தோம். இந்த வயதுப் பிள்ளை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும், மூக்கு அடைத்தால் பால் இழுக்க முடியாது. சுத்தம் செய்ததும் அம்மாவைப் பால் கொடுக்கச் சொன்னோம். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. வழக்கமாகக் குடிப்பதில் பாதிக்கு மேல் குடித்தாள். ஆக்சிஜன் 90-க்குக் கீழே இறங்கினால் கொடுக்க சிலிண்டர் பக்கத்திலேயே நின்றது. மூன்றிலிருந்து ஐந்தாவது நாள்வரை இந்த நோய் முற்றும், அதன் பிறகே இறங்கும். ஆகவே அவளை வைத்துப் பார்ப்பதுதான் வைத்தியம்.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். பொறுமையாகத்தான் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, “மருந்து இல்லாத சீக்குக்கு ஆஸ்பத்திரி எதுக்கு?” என்றார். விடிந்ததும் ஜீப் பிடித்து, குமுளி வழியாக மலையடிவாரத்தில் தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கும் கம்பத்துக்குக் கொண்டுபோகப் போவதாகச் சொல்லிவிட்டார்.

மூடுபனியில் மலை இறங்கும் சாலை, நோய் முற்றுகிற நாள், வண்டியில் ஆக்சிஜன் கிடையாது. தடுத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. ஓ.பி. சீட்டின் பின்பக்கம் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். மூச்சு இடையிலே நின்று நின்று வந்தால், உதடோ நாக்கோ நீலம் பாரித்தால், ஒவ்வொரு மூச்சுக்கும் முனகினால், நெஞ்சு ஆழமாக உள்வாங்கினால், பாதிப் பால்கூடக் குடிக்காவிட்டால், பன்னிரண்டு மணி நேரம் ஒன்றுக்குப் போகாவிட்டால், எழுப்பினாலும் துவண்டு கிடந்தால் கம்பம்வரை போக வேண்டாம், குமுளியிலேயே நிறுத்துங்கள், அல்லது 108-ஐக் கூப்பிடுங்கள். கடைசியாக ஒன்றை வாயாலும் சொன்னேன்: “நெஞ்சு இழுக்கிறது அப்படியே இருந்து சத்தம் மட்டும் குறைஞ்சா, அது நல்லானதுன்னு நினைக்காதீங்க தம்பி. பிள்ளை களைச்சுப் போச்சுன்னு அர்த்தம்.” அவர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். படித்தாரா, தெரியாது.

குழந்தை பிழைத்துக்கொண்டாள். பிறகு தடுப்பூசிக்கு வந்தபோது அவரே சொன்னார், கோபம் எதுவுமில்லாமல்: “அங்க புகை வச்சு ஊசியும் போட்டாக. ரெண்டே நாள்ல சரியாயிருச்சு டாக்டரம்மா.” நான்காம் நாளில் எதைக் கொடுத்திருந்தாலும் ஆறாம் நாளில் இறங்கியிருக்கும். அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் யாருக்கு என்ன லாபம்?

அன்றிரவு கூட இருந்த சிஸ்டர் இன்னும் என்னோடு சம்மதிப்பதில்லை. “டாக்டரே, முகமூடியில் வெறும் சலைனை ஊற்றி ஒரு புகை வைத்திருந்தால் அவர் இங்கேயே இருந்திருப்பார். பிள்ளை ஆக்சிஜன் பக்கத்தில் இருந்திருக்கும்” என்கிறார். மறுக்க முடியவில்லை. அந்தச் சின்னப் பொய்யை விட மலைச்சாலைதான் அவளுக்கு ஆபத்து. அதேசமயம் புகைதான் வைத்தியம் என்று அந்தக் குடும்பத்துக்கு நானே கற்றுக்கொடுத்ததாக ஆகியிருக்கும். அடுத்த சளிக்கு மூச்சை எண்ணிப் பார்க்க மாட்டார்கள், குடித்த பாலைக் கவனிக்க மாட்டார்கள், புகை எங்கே கிடைக்கும் என்று தேடுவார்கள். முகமூடியை அழுத்திப் பிடித்தால் களைத்த பிள்ளை அழுது இன்னும் களைக்கும் என்பதும் உண்மை. ஆனால் இந்தக் காரணங்களை நான் அடுக்கும்போது, அவற்றில் எது அன்றிரவே என் மனதில் இருந்தது, எது பிறகு சேர்ந்தது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அவர் கேட்டது மருந்தைப் பற்றி மட்டுமா? லயத்துக்காரங்கன்னா என்று கேட்டதற்கு நான் நுரையீரலைப் பற்றிப் பதில் சொன்னேன். வேறு எந்தப் பதில் அவரை நிறுத்தியிருக்கும் என்று எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை. நானும் தமிழ்தான், கம்பத்துப் பக்கம்தான் என்று சொல்லியிருக்கலாமோ? அது வைத்தியத்தில் சேர்த்தியா?

இப்போதெல்லாம் இந்த மாதிரிப் பிள்ளை வந்தால் சலைன் சொட்டை அப்பா கையிலேயே கொடுக்கிறேன். விரலில் மாட்டும் கருவியின் எண்ணைக் காட்டுகிறேன், மூக்கைச் சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணச் சொல்கிறேன். சிலர் தங்குகிறார்கள். சிஸ்டர் இதையும் விடுவதில்லை. “இதுவும் ஒரு புகைதானே டாக்டரே” என்கிறார். இல்லை என்று நான் சொல்கிறேன், அவர்கள் எண்ணுவது உண்மையான மூச்சு என்கிறேன். சொல்லிவிட்டு, அவர்கள் தங்குவதற்காகத்தானே எண்ணச் சொன்னோம் என்றும் நினைத்துக்கொள்கிறேன்.