இரண்டு வரிசை மட்டும் தளர்ந்துபோன ஷர்ரிங்

கோடைக்கால டாப் ஒன்றுக்கு மார்புப் பகுதியில், எலாஸ்டிக் நூலால் வரிசை வரிசையாகத் தைத்துத் துணியைச் சுருக்கும் ஷர்ரிங் தைத்தபோது, ஒன்பது வரிசைகளில் ஐந்தாவதும் ஆறாவதும் மட்டும் சுருங்காமல், அந்த இடத்தில் துணி பை போல உப்பி நின்றது. எலாஸ்டிக் நூலை இழுக்காமல் கையாலேயே பாபினில் சுற்றியிருந்தேன். மேலே சாதாரண நூல், தையல் நீளம் 4 மி.மீ. ஐந்தாவது வரிசைக்கு முன் பாபின் தீர்ந்து புதிதாக மாற்றியது நினைவுக்கு வந்தது. நூல் முனையை இழுத்துப் பார்த்தேன். தடையே இல்லாமல் வழுக்கி வந்தது. பாபின் கேஸின் ஸ்பிரிங் தகட்டுக்கு அடியில் நூல் புகவே இல்லை.

நூலைச் சரியாகப் பொருத்தி, முந்தைய வரிசைகளின் சுருக்கம் விரியும்படி துணியைத் தட்டையாக இழுத்துப் பிடித்து மீதியைத் தைத்தேன். தளர்ந்த இரண்டையும் பிரிக்கவில்லை. உட்புறத்தில் எலாஸ்டிக் நூலின் இரு முனைகளையும் மெல்ல இழுத்து, பக்கத்து வரிசையின் அகலத்துக்குக் கொண்டுவந்து, சுருக்கங்களை நகத்தால் சீராகத் தள்ளிவிட்டு, முனைகளை முடிச்சிட்டுப் பக்கத் தையலுக்குள் அடக்கினேன். கடைசியாக, இஸ்திரிப் பெட்டி துணியில் படாமல் நீராவி மட்டும் காட்டியதும், எல்லா வரிசைகளும் இன்னும் கொஞ்சம் இறுகி ஒன்றுபோல அமைந்தன.