அத்தைக்கு எழுதின லெட்டர்

பெரியப்பா பாலக்கோட்டுல தாலுகா ஆபீஸ் கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவர். பழைய போன் போயிடுச்சுன்னு அதே நம்பர், அதே ஜிமெயில் போட்டு புது போன்ல வாட்ஸ்அப் பேக்கப்ப ரீஸ்டோர் பண்ணிக் குடுத்தேன். மெசேஜ் எல்லாம் முதல்லயே வந்துடுச்சு, போட்டோ மட்டும் ஒண்ணொண்ணா இறங்குது, பாத்தா அத்தை சாட்ல நீல இன்லேண்ட் லெட்டரா வருது, எல்லாம் இவர் கிருஷ்ணகிரிக்கு எழுதினது, இடம் பத்தாம மடிப்பு ஓரத்துலயும் கோணலா எழுத்து, "மாங்கா சீசன்ல வரேன் பாப்பா, களி கிண்டி வை"ன்னு.

அத்தை தவறிப்போறதுக்கு முன்னாடி அனுப்பிருக்காங்க, இவர் பாக்கவே இல்ல. ஆட்டோ டவுன்லோடு ஆன்ல இருந்ததால பேக்கப்ல ஏறிருக்கு, இல்லன்னா மங்கலா ஒரு கட்டம்தான் மிஞ்சிருக்கும். எல்லாத்தையும் பிரிண்ட் போட்டு அத்தை பொண்ணுக்கு குடுக்கணுமாம், தர்மபுரில கடை எப்ப தொறக்கும்னு கேட்டுட்டே இருக்கார்.