பதிலின் முதல் வரியில் கேட்டவரின் கேள்வி இருக்கட்டும்

பினாங்கில் நான் பணிபுரியும் அச்சகத்திற்கு, பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாடிக்கையாளர், திருமண அழைப்பிதழின் மஞ்சள் நிறம் மாதிரியைவிட அடர்த்தியாகத் தெரிவதாகவும், அதை 14ஆம் தேதிக்குள் மாற்ற முடியுமா என்றும் கேட்டு எழுதியிருந்தார். "நீங்களும் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்" என்று தொடங்கி, நிறத்தைப் பற்றிய பதிலை மூன்றாம் பத்தியில் வைத்தேன். கைப்பேசியின் மின்னஞ்சல் பட்டியலில் முதல் வரியின் சில சொற்கள் மட்டுமே தெரியும் என்பதால், அவர் அதை வெறும் நலவிசாரிப்பென எண்ணி இரண்டு நாள் திறக்கவேயில்லை.

இப்போதென்றால் இப்படித் தொடங்குவேன்: "வணக்கம் ஐயா. நீங்கள் சுட்டிக்காட்டிய மஞ்சளைக் குறைத்து மறுபடி அச்சிட்டோம். 14ஆம் தேதிக்குள் தந்துவிட முடியும்." வணக்கமும் ஐயாவும் அப்படியே இருப்பதால் மரியாதை சிறிதும் குறையவில்லை.

"தங்கள் மின்னஞ்சல் கிடைத்தது" என்பதும், இங்குள்ள மலாய் அலுவல் கடிதங்களில் 'மேற்கண்ட பொருள்' எனப் பொருள்படும் "பெர்காரா டி அத்தாஸ்" என்னும் தொடக்கமும் இதற்கு ஈடாகா, ஏனெனில் அவற்றை யாருக்கும் அனுப்பலாம். பெயரை மாற்றி வேறொருவருக்கு அனுப்பினாலும் பொருந்துகிற வரியை நான் அழித்துவிடுகிறேன். ஆனால் தம் தாயார் மருத்துவமனையில் இருப்பதாக அவர் எழுதியிருந்தால், முதலில் அம்மாவைத்தான் விசாரிக்க வேண்டும். அங்கே அவர் நமக்குக் கடைசியாகச் சொன்னதே அதுதான்.