எந்த 'ஹம்'?

ஜூன் 7, சனி

பெங்களூரு வீட்டில் நாங்கள் நான்கு பேர். நான் மதுரை, மற்றவர்கள் மைசூரு, கோழிக்கோடு, கொல்கத்தா. இரவுச் சாப்பாட்டில் நான் தமிழில் தொடங்கினால் மைசூருக்காரி கன்னடத்தில் பதில் சொல்வாள், கோழிக்கோட்டுக்காரி மலையாளத்தில் சேர்ந்துகொள்வாள். மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடும். கொல்கத்தாக்காரிக்கு எதுவும் பிடிபடாது. இன்றும் நாங்கள் சிரித்து முடித்த பிறகு, என்ன விஷயம் என்று இந்தியில் கேட்டாள். "குச் நஹீ", ஒன்றுமில்லை என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது.

ஜூன் 8, ஞாயிறு

காலையில் லால்பாக் போனோம். நாளைக்கு லால்பாக் போகிறோம் என்று நேற்றே கொல்கத்தாக்காரியிடம் இந்தியில், "கல் ஹம் லால்பாக் ஜாயேங்கே" என்று சொல்லியிருந்தேன். அறைக் கதவு மூடியிருந்தது; தூங்குகிறாள் என்று விட்டுவிட்டோம். திரும்பி வந்தால் தனியாக உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருக்கிறாள். "நீங்க மூணு பேரும் போறதாத்தானே சொன்னே?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

ஜூன் 9, திங்கள்

நாளெல்லாம் இதே நினைப்பு. நான் மனதில் நினைத்தது 'நாம போறோம்'. தமிழில் அப்படிச் சொன்னாலே எதிரில் இருப்பவரும் சேர்த்தி. 'நாங்க போறோம்' என்றால் சேர்த்தி இல்லை. மலையாளத்திலும் நம்மள், ஞங்ஙள் என்று இரண்டு உண்டு. கன்னடத்தின் 'நாவு', இந்தியின் 'ஹம்', வங்காளத்தின் 'ஆம்ரா' மூன்றும் இந்த வித்தியாசத்தைக் காட்டுவதில்லை. மொழி மாறியபோது என் 'நாம' வழியிலேயே உதிர்ந்துபோயிருக்கிறது. இனி 'ஹம் சாரோன்' என்று சொல்ல வேண்டும். நாலு பேரும் என்று எண்ணிச் சொன்னால் சந்தேகமே வராது. இரவு அவளிடம் மன்னிப்புக் கேட்டு இதை விளக்கினேன். "உங்க மொழியில என்னையும் சேர்த்துக்க ஒரு தனிச் சொல்லே இருக்கா!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜூன் 15, ஞாயிறு

சிரித்து முடித்த பிறகு மொழிபெயர்த்தால் கொல்கத்தாக்காரிக்குக் கிடைப்பது ஆறிப்போன கதைதான். அதனால் இன்று கோழிக்கோட்டுக்காரி கதையை ஆரம்பிக்கும்போதே நிறுத்தச் சொன்னேன். "மலையாளத்துல வெள்ளம்னா தண்ணீர், தமிழ்ல பெருவெள்ளம்" என்று முதலில் இந்தியில் சொல்லிவைத்தேன். அப்புறம் அவள் மலையாளத்திலேயே சொன்னாள். ஒவ்வொரு வரிக்கும் நான் இந்தியில் கூடவே போனேன். குடிவந்த புதிதில் வீட்டுக்கார அம்மாவிடம் "வெள்ளம் வருன்னில்ல" என்றாளாம். தமிழ் அம்மா, "வராதும்மா, நாம மேட்டுலதான் இருக்கோம்" என்றாராம். நால்வரும் ஒரே நேரத்தில் சிரித்தோம்.

கதை இரண்டு மடங்கு நீண்டது உண்மைதான். அவசரப் பேச்சுக்கு இது ஒத்துவராது. ஆனால் சாப்பாட்டு மேசையில் யாருக்கு என்ன அவசரம்?

சிரிப்பு அடங்கியதும் கொல்கத்தாக்காரி தண்ணீர் டம்ளரைத் தூக்கிக் காட்டினாள். "எங்க ஊர்ல இதைக் குடிக்கிறதில்ல, சாப்பிடுறோம். ஜோல் காபோ!" மைசூருக்காரி விடாமல் பிடித்துக்கொண்டாள்: "அப்போ டீயையும் சாப்பிடுவீங்களா?"