சண்டே ஸ்கூல் பாடம், நாலு நிமிட வீடியோவாக

வகுப்பில் முக்கால் மணி நேரம் நடத்துவதை அப்படியே கேமரா முன்னால் பேசினால் எந்தப் பிள்ளையும் உட்காராது. கதையில் ஒரே ஒரு திருப்பத்தை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட வேண்டும்.

இந்த வாரம் லூக்கா 15, நூறு ஆடுகளில் காணாமல்போன ஒரு ஆட்டின் கதை. வழக்கமாக எல்லாரும் பஞ்சு ஒட்டி ஆடு செய்யச் சொல்வார்கள். பார்க்க அழகுதான், ஆனால் கதையில் ஆடு தானாகத் திரும்பி வரவில்லையே, மேய்ப்பன் அல்லவா தேடிப் போகிறான்! அதனால் செயல்பாட்டிலும் பிள்ளைதான் தேட வேண்டும். பத்துக் காகிதத் துண்டுகளில் ஆடு வரைந்து, பிள்ளை கண்ணை மூடியிருக்கும்போது அம்மாவோ அப்பாவோ ஒன்றை ஒளித்துவைக்க வேண்டும். பிள்ளை எண்ணிப் பார்த்து எது இல்லை என்று கண்டுபிடித்து, கிடைக்கும்வரை தேடட்டும். ஒவ்வொரு ஆட்டுக்கும் ஒரு பெயர் எழுதச் சொல்லுங்கள், "ஒண்ணு குறையுது" என்பதற்குப் பதிலாக "மணியைக் காணோம்" என்று வரும்போது தேடுகிற வேகமே வேறு.

காகிதம், பென்சில் வேண்டும் என்பதை வீடியோவின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். கடைசியில் சொன்னால் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். மேய்ப்பன் எண்ணி முடித்து 99 என்று நிற்கிற இடத்தில் "இப்போ வீடியோவை நிறுத்திட்டுத் தேடு" என்று சொல்லி, சில விநாடி பேசாமல் இருங்கள். ஆடு கிடைத்த காட்சி அதற்கு அப்புறம்தான்.

படம்பிடிக்க போன் போதும். ஜன்னல் வெளிச்சம் உங்கள் முகத்தில் விழட்டும், முதுகுக்குப் பின்னால் வேண்டாம். மின்விசிறியை அணைத்துவிடுங்கள், அதன் இரைச்சல் குரலை விழுங்கிவிடும். அப்புறம், வகுப்புப் பிள்ளைகளின் முகம் தெரிவதாக இருந்தால் பெற்றோரிடம் முதலில் கேட்டுவிடுங்கள், இல்லையென்றால் மேசையையும் கைகளையும் மட்டும் காட்டினாலே போதும்.