கையைக் கட்டிக்கொண்டு யாராவது பிள்ளையிடம் பேசுவார்களா?

பேரனுக்குப் பேச்சு வரவில்லை என்று, காதையும் பேச்சையும் பரிசோதிக்கும் என்னிடம் மருமகளோடு வந்த அந்த அப்பத்தா சொன்னதில் பொய் எதுவும் இல்லை. "காதெல்லாம் நல்லாத்தான் கேக்குது மேடம். பின்னாடி நின்னு தட்டப் போட்டா வெடுக்குனு திரும்புறான். ராசான்னு ஒரு குரல் குடுத்தா எங்க இருந்தாலும் ஓடியாறான். அவங்க அப்பனும் மூணு வயசுலதான் வாயத் தெறந்தான்." மூன்றும் உண்மை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். பிறகு பரிசோதனையில் வந்ததும் உண்மை. இரண்டும் ஒரே பிள்ளையைப் பற்றியவை என்பதுதான் எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

பையனுக்கு இரண்டு வயது முடிந்து இரண்டு மாதம். அம்மா யோசித்து யோசித்து விரல் மடக்கியதில் ஏழு வார்த்தை தேறியது. அம்மா, அத்தா, மாமா, வா, பாலுக்கு 'பா', சோற்றுக்கு 'ஓவு', மாட்டுக்கு 'ம்மா'. 'அம்மா வா' என்று இரண்டு சொல்லைச் சேர்த்து ஒருமுறைகூடச் சொன்னதில்லை. இந்த வயதில் ஐம்பது வார்த்தையாவது இருந்து, இரண்டிரண்டாகச் சேர்க்கத் தொடங்கியிருந்தால் நாங்கள் கவலைப்பட மாட்டோம். அது இல்லாத பிள்ளைகள் எல்லோருக்கும் கோளாறு என்றும் பொருளில்லை. இரண்டு வயதுக் குழந்தைகளில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேர் தாமதமாகப் பேசுகிறவர்கள். அவர்களில் பாதிக்கு மேல் தானாகவே மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடுவார்கள். அப்பத்தாவின் மகனும் அந்தக் கணக்கில் ஒருவராக இருந்திருக்கலாம்.

"அப்ப மூணு வயசு வரைக்கும் பொறுத்துப் பாக்கக் கூடாதா?" என்று கேட்டார். குழந்தைகள் மருத்துவர் ஒருவரும் அவர்களிடம் அதையேதான் சொல்லி அனுப்பியிருந்தார். ஆண் பிள்ளை கொஞ்சம் மெதுவாகத்தான் பேசும், பிறந்தபோது எடுத்த காது பரிசோதனையில் 'பாஸ்' என்று அட்டையிலேயே இருக்கிறது, பிறகென்ன? நான் சொன்னேன்: "பொறுக்கலாம்மா. ஆனா காதைப் பாத்துட்டுப் பொறுக்கலாம்."

அவருக்கு அது ஏற்கவில்லை. நானே கேட்கிறதென்று சொல்கிறேனே, நீ என்ன பார்க்கப் போகிறாய் என்பது முகத்திலேயே தெரிந்தது. அப்போதுதான் ஒன்று செய்யச் சொன்னேன். பையன் தரையில் வண்டி உருட்டிக்கொண்டிருந்தான். கதவோரம் அவன் செருப்பு கிடந்தது. "வீட்டுல நீங்க சொன்னா எல்லாம் எடுத்துட்டு வருவான்னீங்கள்ல. இப்பச் சொல்லுங்க. கையைக் கட்டிக்கிட்டு, செருப்பைப் பாக்காம, வாயை மறைச்சிக்கிட்டுச் சொல்லுங்க."

முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "ராசா, செருப்ப எடுத்துட்டு வா" என்றார். பையன் உடனே நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். கையைப் பார்த்தான். பிறகு கையிலிருந்த வண்டியைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தான்.

"கையைக் கட்டிக்கிட்டு யாராச்சும் பிள்ளைகிட்டப் பேசுவாங்களா மேடம்?" என்றார். குரல் கம்மியிருந்தது.

அந்தக் கேள்வியிடம்தான் நான் திரும்பத் திரும்பப் போகிறேன். யாரும் பேச மாட்டார்கள்தான். பேசும்போது நம் கை நீளும், கண் அந்தப் பொருளுக்குப் போகும், புருவம் ஏறும். பிள்ளை அத்தனையையும் சேர்த்துத்தான் பிடிக்கும். காதில் குறை இருக்கிற பிள்ளை இன்னும் கூர்மையாகப் பிடிக்கும். 'சொன்னதெல்லாம் புரியுது' என்று வீட்டார் சொல்வதில் எவ்வளவு காது, எவ்வளவு கண் என்று பிரித்துப் பார்க்க எனக்கு அதைவிட எளிய வழி தெரியவில்லை. ஆனால் அது ஒன்றும் பரிசோதனை ஆகாது. புது இடம், புது மனுஷி, வெட்கம், விளையாட்டு மும்முரம். நன்றாகக் கேட்கிற பிள்ளையும் அப்படியே செய்திருக்கலாம். பேரனை வளர்த்த பாட்டியை அவர் மருமகள் முன்னால் வைத்து அப்படிச் செய்யச் சொல்லியிருக்க வேண்டுமா என்று கேட்டால், செய்யாமல் இருந்திருந்தால் அன்றைக்கே எழுந்து போயிருப்பார்கள் என்றும் தோன்றுகிறது.

அன்றைக்கு எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. பையன் நிறையச் சுட்டிக் காட்டினான். சுழலும் விசிறியைக் காட்டிவிட்டு அம்மா பார்க்கிறாளா என்று திரும்பினான். பொம்மைக்குக் காலி டம்ளரில் ஊட்டினான். வேண்டியதைச் சொல்ல வார்த்தை இல்லாவிட்டாலும் சொல்லும் ஆசை அவனிடம் நிறைந்திருந்தது. வார்த்தையும் குறைவு, சுட்டிக்காட்டலும் இல்லை, கூப்பிட்டால் முகம் பார்ப்பதும் இல்லை என்றால் காதுப் பரிசோதனையோடு வளர்ச்சிப் பரிசோதனைக்கும் சேர்த்தே அனுப்புவோம். ஆட்டிசம் இருக்குமோ என்று பார்க்க வேண்டியிருக்கும். அந்தக் குழந்தைகளில் சிலரின் வீட்டார் 'காது நார்மல்' என்ற தாளோடு நிம்மதியாக ஊருக்குப் போய்விடுவார்கள். அதனால் அந்தத் தாளின் அடியிலேயே 'வளர்ச்சிப் பரிசோதனை தேவை' என்று எழுதிக் கொடுப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டேன். வந்த வார்த்தைகள் நின்றுபோனால் எந்த வயதிலும் காத்திருக்கக் கூடாது. இந்தப் பையனிடம் அவை எதுவும் இல்லை. அதனாலேயே என் சந்தேகம் காதின் பக்கம் இன்னும் அழுத்தமாகப் போனது.

அம்மா மறுவாரம் பையனைக் கொண்டுவந்தார். அப்பத்தாவும் கூடவே வந்தார். முதலில் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறதா என்று பார்த்தோம். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்கு அதனாலேயே கேட்பது மந்தமாகும். பெரும்பாலும் சரியாகிவிடுகிற விஷயம் அது. இவனுக்கு அது இல்லை. பிறகு ஒலி புகாத அறையில் அம்மா மடியில் உட்காரவைத்து, பக்கத்து ஸ்பீக்கரில் ஒலி கொடுத்தோம். திரும்பினால் பெட்டிக்குள் ஒரு பொம்மை வெளிச்சத்தோடு ஆடும். பொம்மைக்காகவே பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவார்கள். தாழ்ந்த சுருதியான 500 ஹெர்ட்ஸில் 30 டெசிபலுக்கே திரும்பினான். அப்பத்தா கண்ணாடிக்கு வெளியே இருந்து என்னைப் பார்த்துத் தலையாட்டினார். 2000 ஹெர்ட்ஸுக்குப் போனதும் 55 வரை ஏற்ற வேண்டியிருந்தது. 4000 ஹெர்ட்ஸில் 65 தாண்டித்தான் தலை அசைந்தது.

இரவு கண்விழிக்க வைத்து, மறுநாள் மருத்துவர் மேற்பார்வையில் தூங்கவைத்து எடுத்த பெரா பரிசோதனையும் அதையே சொன்னது. மண்டையில் ஒட்டிய மின்முனைகள் வழியாகக் காது நரம்பின் பதிலை அளப்பது அது. பிள்ளையின் ஒத்துழைப்பு வேண்டியதில்லை. இரண்டு காதிலும் உள்காதுக் குறை. தாழ்ந்த ஒலி கேட்கும், உயர்ந்த ஒலி போகப் போக மங்கும்.

இப்போது அப்பத்தாவின் சாட்சியத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். எவர்சில்வர் தட்டு விழும் சத்தம் பக்கத்தில் எளிதாக 80, 90 டெசிபல் இருக்கும், தரையும் அதிரும். அவன் திரும்பத்தான் செய்வான். 'ராசா' என்பதில் நீண்டொலிக்கும் இரண்டு 'ஆ'வும் தாழ்ந்த ஒலிகள். நடுவில் இருக்கும் 'சா'வின் சீறல் விழாமலே அது தன் பெயர் என்று தெரிந்துவிடும். அவன் ஏழு வார்த்தையையும் பாருங்கள்: ம, வ, ப, த, பிறகு உயிரெழுத்துகள். ச, ட, க எதுவும் இல்லை. பக்கத்து வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவதுபோலத்தான் அவனுக்கு நம் பேச்சு இருந்திருக்கும். ஆள் பேசுவது தெரியும், கோபமா கொஞ்சலா என்றும் தெரியும், சொல் பிரியாது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இரண்டு வயதில் நன்றாகக் கேட்கிற பிள்ளைகளும் சோற்றை 'ஓவு' என்பார்கள். வார்த்தைப் பட்டியலை மட்டும் வைத்து நான் எதையும் சொல்லியிருக்க முடியாது.

பிறந்தபோது வந்த 'பாஸ்' பற்றியும் வீட்டார் கேட்டார்கள். அந்தச் சிறு பரிசோதனை அன்றைக்கு உள்காதின் நுண்மயிர்ச் செல்கள் வேலை செய்கின்றனவா என்று மட்டுமே வடிகட்டிப் பார்க்கும். லேசான குறையோ, ஒருசில சுருதிகளில் மட்டும் உள்ள குறையோ அதில் நழுவிப் போகலாம். நரம்பில் உள்ள கோளாறு அதில் தெரியாது. பிறகு வரும் குறைக்கு அது ஜாமீன் இல்லை. ஆகவேதான் பேச்சு தாமதம் என்று வந்தால், அந்த அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் மறுபடி பார்க்க வேண்டும் என்கிறோம்.

இதையெல்லாம் எழுதும்போது நான் சொன்னதே சரி என்று நிறுவுவதுபோல ஆகிவிடுகிறது. அதே சமயத்தில் இன்னொரு வீட்டிலிருந்து ஒரு பெண் குழந்தையும் வந்தாள். வார்த்தை இவனைவிடக் குறைவு. சுட்டிக் காட்டுவாள், விளையாடுவாள், எல்லாம் சரி. அவள் அப்பாவிடமும் 'காதைப் பாத்துட்டுப் பொறுக்கலாம்' என்ற அதே வாக்கியத்தைத்தான் சொன்னேன். கூலி வேலையை இரண்டு தரம் விட்டுவிட்டு வந்தார். குழந்தை இரவெல்லாம் அழுதாள். காதில் குறை எதுவும் இல்லை. சில மாதத்தில் தானாகவே பேச்சு கொட்டத் தொடங்கியது. அவர்கள் வீட்டுப் பாட்டி, "நான் அப்பவே சொன்னேன்ல" என்றார். அவருக்கும் என்னிடம் பதில் இல்லை. நான் அனுப்புகிறவர்களில் அதிகம் பேர் அந்தக் குழந்தையைப் போலத்தான். இந்த இரண்டு பிள்ளைகளையும் வாசலில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் யார் யார் என்று என்னால் சொல்லியிருக்க முடியாது. சொல்ல முடியாது என்பதுதான் பரிசோதனைக்கு நான் வைத்திருக்கும் ஒரே நியாயம். பிள்ளையைக் கண்விழிக்க வைக்கும் அம்மாவுக்கு அது போதுமான நியாயமா என்று சில நாள் தோன்றுகிறது, சில நாள் தோன்றுவதில்லை.

பையன் இப்போது இரண்டு காதிலும் கருவி போட்டிருக்கிறான். பேச்சுப் பயிற்சிக்கு அம்மாதான் கூட்டி வருகிறார். அப்பத்தா வருவதில்லை. "அத்தைக்கு உங்க மேல கோவம் இல்ல மேடம், அவங்க மேலதான்" என்று அம்மா சொன்னார். கூடவே ஒரு கேள்வியும் கேட்டார்: "இது பிறந்ததுல இருந்தே இருந்துச்சா, இடையில வந்துச்சா? ஒரு வயசுல நல்லா சத்தம் போட்டுப் பேசிக்கிட்டுத்தான் இருந்தான்."

முதல் பிறந்த நாளில் எடுத்த வீடியோவைப் போனில் காட்டினார். கேக்குக்கு முன்னால் உட்கார்ந்து பையன் ஓயாமல் ஏதோ சொல்கிறான். 'மமமம', 'ஆவ்வா', மறுபடி 'மமமம'. 'ததத' வருகிறதா, 'டடட' வருகிறதா என்று நான் காதைக் கொடுத்துக் கேட்டேன். வரவில்லை. ஆனால் அது ஒரு நிமிடம்கூட ஓடாத வீடியோ. பின்னால் பாட்டு வேறு ஓடிக்கொண்டிருந்தது. அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றேன். குறை இடையில் வந்தது என்றால் மேலும் கூடக்கூடும் என்பதால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து பார்க்கத் தேதி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த தடவை அப்பத்தாவையும் அழைத்து வரச் சொன்னேன். ஒரு வயதில் அவன் என்ன சத்தமெல்லாம் போட்டான் என்று அவருக்குத்தான் நன்றாக நினைவிருக்கும்.